9:16க்குப் போட்டா ஸ்ப்ரெட் தின்னுது, 11க்குப் போட்டா பிரீமியம் இல்ல: நிஃப்டி ஆப்ஷனில் எப்போதுதான் ஆர்டர் போடுவது?

சேலத்துக்காரன் | 11 பிப்ரவரி 2026, இரவு 8:40

நிஃப்டி வாராந்திர ஏடிஎம் ஸ்ட்ராடில், 10 லாட். கால், புட் ரெண்டையும் காலை 9:16க்கு மார்க்கெட் ஆர்டர்ல விக்கறேன். திரையில பாக்குற விலைக்கும் நிரம்புற விலைக்கும் ஒவ்வொரு பக்கமும் மூணு, நாலு ரூபா வித்தியாசம் வருது. "11 மணிக்கு மேல போடு, ஸ்ப்ரெட் சுருங்கிடும்"னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா 11 மணிக்குள்ள பிரீமியமே இறங்கிடுது. எதுல நஷ்டம் கம்மி? பங்கு ஆப்ஷனுக்கும் இதே நேரக்கணக்கு பொருந்துமா?

கொடிசியா | 11 பிப்ரவரி, இரவு 8:58

வால்யூம் பாருங்க ப்ரோ. நாள்லயே அதிக வால்யூம் காலைல முதல் அரை மணி, அப்புறம் சாயங்காலம் கடைசி அரை மணி. வால்யூம் இருக்கற இடத்துலதான் லிக்விடிட்டி. அதனால 9:16 சரிதான். உங்க புரோக்கர் ஆப் மெதுவா இருக்கும், அதை மாத்துங்க.

ஐந்துபைசா | 11 பிப்ரவரி, இரவு 9:31

வால்யூம் காலையிலும் மாலையிலும் அதிகம் என்பது சரி. அதனால் லிக்விடிட்டியும் அப்போதுதான் அதிகம் என்பது பாதிதான் சரி. வால்யூம் என்பது ஏற்கெனவே நடந்து முடிந்த வியாபாரம். சேலத்துக்காரருக்கு வேண்டியது, அவர் ஆர்டர் போய்ச் சேரும் நொடியில் புக்கில் எவ்வளவு அளவு, எந்த விலையில் காத்திருக்கிறது என்பது. 9:15க்கு இது இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாக நிற்கும்.

காரணம் எளிது. பங்குகளுக்கு 9:00 மணிக்கே ப்ரீ-ஓப்பன் தொடங்கி, 9:15க்கு முன்பே தொடக்க விலை தெரிந்துவிடுகிறது. 2025 டிசம்பரிலிருந்து ஃபியூச்சருக்கும் ப்ரீ-ஓப்பன் வந்துவிட்டது. ஆப்ஷனுக்கு அது கிடையாது. 9:15:00க்கு ஆப்ஷன் புக் வெறுமையாகத் தொடங்குகிறது. முதலில் வந்து விழுவது முந்தைய இரவே போட்டு வைத்த ஆஃப்டர் மார்க்கெட் ஆர்டர்கள். விலை வைக்கும் டெஸ்க்குகளுக்கு அன்றைய வாலட்டிலிட்டி எங்கே நிலைகொள்ளும் என்று அப்போது தெரியாது. அதனால் அகலமாக, கொஞ்ச அளவுக்கு மட்டும் விலை வைப்பார்கள். வியாபாரம் நடக்க நடக்க நெருக்குவார்கள்.

பிட் பக்கம் 9:15:20க்கு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு. ஏடிஎம் கால், பிட் 142.10, ஆஸ்க் 145.60. நடுவிலை 143.85. பிட் வரிசை இப்படி:

142.10 — 65
141.50 — 130
140.20 — 195
138.70 — 260

10 லாட், அதாவது 650 எண்ணிக்கையை மார்க்கெட்டில் விற்றால் நான்கு படியும் காலி. சராசரி 140.05. நடுவிலையிலிருந்து 3.80 கீழே, ரூபாயில் 2,470. இது ஒரு பக்கத்துக்கு மட்டும்.

9:25க்கு அதே ஸ்ட்ரைக், நிஃப்டி அதே இடத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிட் 138.40, ஆஸ்க் 138.65. முதல் படியிலேயே 650க்கு மேல் இருக்கும். நடுவிலையிலிருந்து இழப்பு 12.5 பைசா, மொத்தம் 81 ரூபாய் சொச்சம்.

சேலத்துக்காரன் | 11 பிப்ரவரி, இரவு 9:50

அதேதான் சார் எனக்கும் நடக்குது. ஆனா உங்க கணக்குலயே பாருங்க, 9:15க்கு 140.05 கைக்கு வருது, 9:25க்கு 138.40தான். ஸ்லிப்பேஜ் கொடுத்தும் 1.65 லாபம். அப்ப காலைலயே வித்தது நல்லதுதானே?

ஐந்துபைசா | 11 பிப்ரவரி, இரவு 10:22

நல்ல பிடி. அந்தக் கணக்கில் ஆமாம், 650க்கு 1,072 ரூபாய் அதிகம் வந்திருக்கிறது. ஆனால் திரையில் பார்த்த 143.85ஐ வைத்து "பத்து நிமிஷத்தில் 5.45 போச்சு" என்று நினைப்பதுதான் பிசகு. 143.85 உங்களுக்கு ஒருபோதும் கிடைக்கக்கூடிய விலையே இல்லை. 10 லாட்டுக்கு உங்கள் விலை 140.05. காத்திருந்ததன் செலவு 1.65 மட்டும்.

இன்னொன்று. 20 லாட் ஆனால் அடுத்த படிகள் 137, 136 என்று போகும். அப்போது சராசரி 138.40க்குக் கீழே இறங்கி, காத்திருந்தவன் ஜெயித்துவிடுவான். அளவைப் பொறுத்துத்தான் நேரம். 1 லாட்காரருக்கு முதல் படியே போதும், அவர் 142.10க்கு விற்றுவிட்டுப் போகலாம்.

வாங்குபவர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. காலையில் ஸ்ப்ரெட்டும் அகலம், வாலட்டிலிட்டியும் உப்பலாக இருக்கும். அவசரக் காரணம் இல்லாவிட்டால் 9:15க்கு வாங்குவது இரட்டைச் செலவு. பெரிய கேப் இறங்கி மேலும் சரியும் நாள் மட்டும் விதிவிலக்கு, அன்று பிரீமியம் இறங்காமல் ஏறிக்கொண்டே போகும்.

தனுஷ்கோடி_டெல்டா | 11 பிப்ரவரி, இரவு 10:40

மார்க்கெட் ஆர்டரை விட்டுட்டு லிமிட் போட்டாலே பாதி பிரச்சினை தீர்ந்தது. நடுவிலைல போடுங்க, நிரம்பும்.

ஐந்துபைசா | 11 பிப்ரவரி, இரவு 11:05

லிமிட் சரி. ஆனால் காலையில் நடுவிலை லிமிட் உடனே நிரம்பினால் சந்தோஷப்பட வேண்டாம். டெல்டா 0.5 உள்ள கால். நிஃப்டி 6 புள்ளி ஏறினால் ஆப்ஷன் சுமார் 3 ரூபாய் ஏற வேண்டும். நீங்கள் 143.85க்கு விற்க வைத்த லிமிட் அங்கேயே நிற்கிறது, நியாய விலை 146.85 ஆகிவிட்டது. அந்த நொடியில் யாரோ அதை எடுத்துக்கொள்வார்கள். நிஃப்டி 6 புள்ளி இறங்கினால் உங்கள் ஆர்டர் நிரம்பாது. அதாவது எதிராகப் போகும்போது மட்டும் நிரம்புகிறது. முதல் நிமிடங்களில் நிஃப்டி 6 புள்ளி நகர ஓரிரு நொடி போதும். நண்பகலில் அதே நகர்வுக்குப் பல நிமிடம் ஆகலாம், அதனால் அப்போது நடுவிலை லிமிட் நன்றாக வேலை செய்யும்.

காலையில் லிமிட் வைத்தால், நிஃப்டி எங்கே இருந்தபோது அந்த விலையை முடிவு செய்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். 3, 4 புள்ளி நகர்ந்துவிட்டால் ஆர்டரைத் திருத்துங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். கையால் போடுபவர்கள் 10 நொடிக்கு மேல் ஒரே விலையில் விட்டு வைக்க வேண்டாம்.

எடிசன் தமிழன் | 12 பிப்ரவரி, காலை 6:15

நியூஜெர்சியிலிருந்து. இங்கே எஸ்&பி 500 இடிஎஃப்பான எஸ்பிஒய் ஆப்ஷனில் இந்தத் தலைவலி ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். மார்க்கெட் மேக்கர்களுக்கு இருபக்கமும் விலை வைக்கும் கடமை உண்டு, அதனால் புக் வெறுமையாக இருப்பதில்லை. ஆனால் சிறிய பங்குகளின் ஆப்ஷனில் இங்கேயும் 9:30 முதல் 9:45 வரை கோரமான ஸ்ப்ரெட்தான். உங்கள் ஊரில் அந்தக் கடமை இல்லையா?

ஐந்துபைசா | 12 பிப்ரவரி, காலை 8:02

நிஃப்டி ஆப்ஷனில் எந்நேரமும் இருபக்கமும் விலை வைத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. லாபம் தெரிந்தால் வைப்பார்கள், பயம் வந்தால் எடுத்துவிடுவார்கள். ரிசர்வ் வங்கி கொள்கை அறிவிக்கும் நாளில் 10 மணியை நெருங்கும்போது டெப்த் திரையைப் பாருங்கள். ஐந்து படியிலும் இருக்கும் அளவு மளமளவென்று குறையும். பட்ஜெட் பேச்சின்போதும் அப்படித்தான். "நண்பகல் என்றால் ஸ்ப்ரெட் குறுகல்" என்பது அறிவிப்பு இல்லாத நாளுக்கான வாக்கியம்.

கொடிசியா | 12 பிப்ரவரி, மதியம் 1:10

இப்ப சந்தைல உக்காந்து பாத்துட்டு எழுதறேன். ஏடிஎம் ஸ்ப்ரெட் 10, 15 பைசாதான். ஆனா ஒவ்வொரு படிலயும் இருக்கற அளவு காலை 10 மணிக்கு இருந்ததுல பாதிகூட இல்ல. அப்ப "நண்பகல் பெஸ்ட்"னு சொல்றதும் தப்புதானே?

ஐந்துபைசா | 12 பிப்ரவரி, மாலை 4:20

சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். 12 மணிக்கு மேல் ஸ்ப்ரெட் குறுகலாகவே இருக்கும், ஆனால் அடியில் கனம் குறைவு. 5 லாட்காரருக்கு வித்தியாசம் தெரியாது. 100 லாட்காரர் துண்டு துண்டாகப் போட வேண்டும், ஒரு துண்டு போனபின் புக் மீண்டும் நிரம்பும் வரை பொறுக்க வேண்டும். குளிர்காலத்தில் நம் நேரம் 1:30க்கு லண்டன் திறக்கும், கோடையில் 12:30க்கு. அதை ஒட்டி மறுபடி ஆள் வருவார்கள்.

சேலத்துக்காரரின் இரண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. பங்கு ஆப்ஷன் வேறு உலகம். நிஃப்டி ஏடிஎம்மில் பத்து நிமிடத்தில் நடப்பது பங்கு ஆப்ஷனில் நடக்க முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். ஏடிஎம்மிலிருந்து விலகிய ஸ்ட்ரைக்கில் நாள் முழுக்கவே நடக்காமலும் போகலாம்.

மாட்டிக்கிட்டேன் | 12 பிப்ரவரி, மாலை 5:05

நானும் இதுலதான் மாட்டினேன், உதவுங்க அண்ணே. ஒரு வங்கிப் பங்கு, 1360 கால், லாட் 500. வாங்கினப்ப ஏடிஎம், இப்ப பங்கு ஏறி நல்ல ஐடிஎம். ஃபியூச்சர் 1412. காலை 9:20க்கு பாத்தா பிட் 48, ஆஸ்க் 61. நடுவிலை 54.50னு லிமிட் போடலாமா? 48க்கே தள்ளிடலாமா?

ஐந்துபைசா | 12 பிப்ரவரி, இரவு 7:48

இரண்டும் வேண்டாம். 48 வைத்தவரும் 61 வைத்தவரும் வாய்ப்புக்காகத் தூண்டில் போட்டவர்கள். அவர்களின் சராசரிக்கு எந்த அர்த்தமும் இல்லை.

அதே 1360 ஸ்ட்ரைக்கின் புட்டைப் பாருங்கள். அது ஓடிஎம், அதனால் அதில் வியாபாரம் நடக்கும், ஸ்ப்ரெட் குறுகும். பிட் 5.20, ஆஸ்க் 5.60 என்று வையுங்கள். காலின் நியாய விலை: ஃபியூச்சர் கழித்தல் ஸ்ட்ரைக், கூட்டல் புட். 1412 − 1360 + 5.40 = 57.40. வட்டிக் கழிவு சில பைசாதான், விட்டுவிடலாம்.

நடுவிலையில் விற்றால் லாட்டுக்கு 1,450 ரூபாய் தானம். 48க்குத் தள்ளினால் 4,700.

57.40க்கு விற்கும் லிமிட் வையுங்கள். கால் நிமிடம் பாருங்கள். நிரம்பாவிட்டால் 40, 50 பைசாவாக இறக்குங்கள், ஒவ்வொரு முறையும் ஃபியூச்சரைப் பார்த்து மறுகணக்கு போட்டபின். 56.50 பக்கம் வந்தால் பெரும்பாலும் யாராவது எடுப்பார்கள். காரணம், உங்களிடம் கால் ஆப்ஷனை வாங்கி, ஃபியூச்சரை விற்று, புட்டையும் விற்கும் ஆளுக்கு அங்கே மிச்சம் கிடைக்கும். ஃபியூச்சர் பிட் 1411.60, புட் பிட் 5.20 என்றால் அவருக்கு வரவு 56.80. அதற்குக் கீழே எந்த விலையில் உங்கள் கால் ஆப்ஷனை வாங்கினாலும், வரியும் கட்டணமும் போக மீதி அவருக்கு. அவர் திரையில் விலை காட்டாமல் காத்திருக்கிறார், அவ்வளவுதான்.

இதையே 9:20க்குச் செய்தால் புட்டின் ஸ்ப்ரெட்டும் அகலமாக இருக்கும், கணக்கு ஆடும். 10 மணிக்கு மேல் செய்யுங்கள்.

தனுஷ்கோடி_டெல்டா | 12 பிப்ரவரி, இரவு 8:15

அவர் செய்யற வேலையை நாமளே செஞ்சிடலாமே. கால் ஆப்ஷனை வெச்சுக்கிட்டு ஃபியூச்சரையும் புட்டையும் வித்துட்டா 56.80 லாக் ஆயிடும்.

ஐந்துபைசா | 12 பிப்ரவரி, இரவு 8:40

ஆகும். மார்ஜின் கட்ட வேண்டும், மூன்றையும் எக்ஸ்பைரி வரை தூக்கிச் சுமக்க வேண்டும். பங்கு ஆப்ஷன் டெலிவரி செட்டில்மென்ட், ஒரே எக்ஸ்பைரியின் மூன்று பொசிஷனும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் என்றாலும் கடைசி நாட்களில் மார்ஜின் ஏறும். ஒரு லாட்டுக்கு இந்தப் பாடு வேண்டாம்.

மாட்டிக்கிட்டேன் | 13 பிப்ரவரி, காலை 10:48

56.90க்கு நிரம்பிருச்சு அண்ணே. ஃபியூச்சர் 1412.30 இருந்தப்ப. திரையில பிட் அப்பவும் 50தான் காட்டுச்சு!

கொடிசியா | 16 பிப்ரவரி, இரவு 9:12

சாயங்காலக் கதையை யாரும் பேசலையே. போன எக்ஸ்பைரி செவ்வாய்ல 3:20க்கு ஒரு கூத்து. நிஃப்டி 25,530. 25,500 கால், உள்மதிப்பே 30 ரூபா. ஆனா பிட் 5, ஆஸ்க் 7. கடைசி நேரத்துல லிக்விடிட்டி செத்துடுதுங்கறதுக்கு இதைவிட அத்தாட்சி வேணுமா? 7க்கு வாங்கிப் போட்டா 23 ரூபா சும்மா வருமே.

ஐந்துபைசா | 16 பிப்ரவரி, இரவு 10:03

வாங்கியிருந்தால் வருத்தப்பட்டிருப்பீர்கள். லிக்விடிட்டி சாகவில்லை. பிட் 5, ஆஸ்க் 7 என்றால் அங்கே ஆள் நெருக்கமாகவே நிற்கிறார்கள். விலைதான் வேறு கணக்கில் ஓடுகிறது.

நிஃப்டி எக்ஸ்பைரி செட்டில் ஆவது 3:30 மணியின் கடைசி டிக்கில் அல்ல. 3:00 முதல் 3:30 வரை ஒவ்வொரு பங்கின் எடையிட்ட சராசரி விலையை வைத்துக் கணக்கிடும் குறியீட்டு மதிப்பில். அன்று 3:00 முதல் 3:20 வரை சராசரி 25,480 பக்கம் இருந்து, அதன்பின் 25,530க்குத் துள்ளியது என்று வையுங்கள். மூன்றில் இரண்டு பங்கு நேரம் முடிந்துவிட்டது. மீதி பத்து நிமிடமும் 25,530லேயே நின்றாலும் முடிவு தோராயமாக 25,497. 25,500 கால் அப்போது பூஜ்யம். 5, 7 ரூபாய் என்பது மேலும் ஏறும் வாய்ப்புக்கான விலை. பங்குகளின் வால்யூமைப் பொறுத்து எடை மாறுவதால் இந்த 25,497 துல்லியம் அல்ல, ஆனால் திசை இதுதான்.

எக்ஸ்பைரி நாளில் 3 மணிக்கு மேல் நிஃப்டி ஸ்பாட்டை வைத்து லிமிட் விலை முடிவு செய்தால் தவறாகத்தான் போகும். 3:00இலிருந்து ஓடும் சராசரியைத் தனியாகக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நிமிட முடிவு விலைகளின் எளிய சராசரியே நடைமுறைக்குப் போதும்.

லாட்சைஸ் | 16 பிப்ரவரி, இரவு 10:30

எக்ஸ்பைரி மாலையில் ஸ்ப்ரெட் உண்மையிலேயே கொல்லும் இடங்கள் வேறு. ஒன்று ஆழ ஐடிஎம். 400 புள்ளி உள்ளே இருக்கும் காலுக்கு வாங்க ஆள் வர மாட்டார், வந்தாலும் உள்மதிப்புக்குச் சில ரூபாய் கீழேதான் கேட்பார். குறியீட்டு ஆப்ஷன் பணமாகத் தானே செட்டில் ஆகும். விற்பதில் விடும் ரூபாயையும் எக்ஸ்பைரியில் விட்டால் கட்டும் எஸ்டிடி வரியையும் ஒப்பிட்டு எது குறைவோ அதைச் செய்யுங்கள். இன்னொன்று 5 பைசா ஓடிஎம். டிக்கே 5 பைசா, பிட் 0.05, ஆஸ்க் 0.10. அதைவிடக் குறுக முடியாது. ஆனால் சதவீதத்தில் இரட்டிப்பு. விற்றவர் மூடுவதற்கு 0.10 கொடுக்கிறார், அல்லது 0.05 வரிசையில் லட்சக்கணக்கான எண்ணிக்கைக்குப் பின்னால் நிற்கிறார்.

எக்ஸ்பைரி இல்லாத நாளில் நிஃப்டி ஏடிஎம் 3:25 வரைகூட நன்றாகவே இருக்கும். இன்ட்ராடே பொசிஷனை புரோக்கர்கள் தாமாக மூடும் நேரம் 3:20ஐ ஒட்டி. அப்போது பங்கு ஆப்ஷனில் மெலிந்த ஸ்ட்ரைக்கில் பொசிஷன் வைத்திருந்தால், மூடும் ஆர்டர் 48-61 மாதிரி புக்கில்தான் போய் விழும். 3 மணிக்குள் கையாலேயே முடித்துவிடுங்கள்.

சேலத்துக்காரன் | 17 பிப்ரவரி, காலை 7:30

ஸ்டாப் லாஸ் பத்தி ஒண்ணு. 9:16க்கு வித்த உடனே எஸ்எல் போடறேன். டிரிகர் 170, லிமிட் 171. ரெண்டு தடவை விலை தாண்டிப் போயி ஆர்டர் அப்படியே தொங்கிடுச்சு.

லாட்சைஸ் | 17 பிப்ரவரி, காலை 8:10

டிரிகர் ஆனதும் மார்க்கெட் ஆர்டராகப் போகும் எஸ்எல்-எம்மை ஆப்ஷனில் 2021 செப்டம்பரிலேயே என்எஸ்இ நிறுத்திவிட்டது. எஸ்எல் லிமிட்தான் வழி. 3 ரூபாய் ஸ்ப்ரெட் உள்ள நேரத்தில் 1 ரூபாய் இடைவெளி வைத்தால் தொங்கத்தான் செய்யும். டிரிகர் கடைசி வியாபார விலையைப் பார்க்கும், ஆஸ்க்கைப் பார்க்காது. 170க்கு ஒரு வியாபாரம் நடந்த நொடியில் ஆஸ்க் 173 இருக்கலாம். முதல் 15 நிமிடத்துக்கு லிமிட்டை 180 வரை விடுங்கள். 180 என்று போட்டதால் 180க்கு நிரம்பாது, கிடைக்கிற நல்ல விலையில்தான் நிரம்பும். பின்பு இடைவெளியைச் சுருக்கிக்கொள்ளலாம்.

ஐந்துபைசா | 17 பிப்ரவரி, காலை 8:25

இடைவெளியில் உடன்படுகிறேன். 9:16க்கே விற்க வேண்டுமா என்பதில் மட்டும் இன்னும் உடன்பாடில்லை. 10 லாட்டை மூன்றாகப் பிரித்து 9:16, 9:19, 9:22 என்று போட்டு, ஒவ்வொரு முறையும் ஆர்டர் போடும் நொடியின் நடுவிலையையும் நிரம்பிய சராசரியையும் நிஃப்டியையும் ஒரே வரியில் எழுதுங்கள்.

கொடிசியா | 17 பிப்ரவரி, காலை 8:31

மூணாப் பிரிச்சா மூணு ஆர்டருக்கு புரோக்கரேஜ். ரெண்டு பக்கத்துக்கும் சேத்தா ஆறு. அதையும் அதே வரியில எழுதச் சொல்லுங்க.

லாட்சைஸ் | 17 பிப்ரவரி, காலை 8:44

ஸ்ட்ராடிலுக்கு வெளியே ஹெட்ஜ் வாங்குவதாக இருந்தால் அதை முதலில் வாங்குங்கள். மார்ஜினும் குறையும். தூர ஸ்ட்ரைக்கின் புக்தான் மெலிது, அது நிரம்பியபின் ஏடிஎம்மை எப்போது வேண்டுமானாலும் விற்கலாம். தலைகீழாகச் செய்தால் ஹெட்ஜ் விற்பவர் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டி வரும். இன்று செவ்வாய், எக்ஸ்பைரி. 10 ரூபாய்க்குக் கீழே உள்ள ஸ்ட்ரைக்கில் 9:20 வரை ஆஸ்க்கை நம்பாதீர்கள்.